கலரிக் காட்சியா, பேசுபவர் காட்சியா: சூம் வகுப்பின் கிளவுட் பதிவில் எது எஞ்சுகிறது?

யாழ்ப்பாணத்தில் சாதாரண தர மாணவர்களுக்குச் சூம் வழியாகக் கணிதம் கற்பிக்கிறேன். கணினியில் என் முகமும், கொப்பிக்கு மேலே கம்பியில் பொருத்திய கைப்பேசியில் நான் எழுதும் கணக்கும் தெரியும். எதிரொலி வராதிருக்கக் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிடுவேன்.

வகுப்பு நடக்கும்போது எனக்குக் கலரிக் காட்சியே வசதியானது, ஏனெனில் எந்தப் பிள்ளை விளங்காமல் விழிக்கிறது என்பது அதில்தான் தெரியும். ஆயினும் பதிவுக்குப் பேசுபவர் காட்சியையே இப்போது தெரிவுசெய்கிறேன்.

காரணம், கிளவுட் பதிவு என் திரையைப் படம்பிடிப்பதில்லை. கணினியிலேயே சேமிக்கும் பதிவு, பதிவு செய்பவரின் காட்சியைப் பின்பற்றும். கிளவுட் பதிவோ, சூம் இணையத்தளத்தின் Recording அமைப்புகளில் முன்கூட்டியே இட்ட தெரிவின்படி சேவையகத்தில் உருவாகிறது. இதை அறியாமல் ஒருநாள் இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் கொப்பியின் படத்தை Pin செய்து, பதிவிலும் அதுவே பெரிதாக இருக்கும் என்று நம்பினேன். Pin என்பது என் திரைக்கு மட்டும் உரியது. அன்றைய தெரிவு Record active speaker with shared screen. ஒலி அணைத்த கைப்பேசி ஒருபோதும் ‘பேசுபவர்’ ஆகாது. ஆகவே ஒரு மணி நேரப் பதிவில் என் முகமும், இடையிடையே இருமிய பிள்ளைகளின் முகங்களுமே இருந்தன. காரணிப்படுத்திய ஒரு வரிகூட இல்லை. மின்தடையால் வர முடியாத மாணவி ஒருத்தி, "சேர், நீங்கள் எழுதினது ஒண்டும் தெரியேல்லை" என்று சொன்ன பிறகே பதிவைத் திறந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் Record gallery view with shared screen என்பதற்கு மாற்றினேன். கொப்பி பதிவில் வந்தது; ஆனால் இருபது சதுரங்களுள் ஒன்றாக வந்ததால் அடுக்குக்குறி 2 எது, கழித்தல் குறி எது என்று பிரித்தறிய முடியவில்லை. அத்துடன், கமெராவைத் திறந்திருந்த பிள்ளைகளின் வீட்டறைகள் முழுவதும் பதிவில் நிலைத்துவிட்டன. பெற்றோரிடம் கேட்காமல் அதைப் பகிர எனக்கு மனம் வரவில்லை.

தீர்வு Spotlight. வகுப்பை நடத்தும் Host ஒருவரை Spotlight செய்தால் எல்லாருடைய பேசுபவர் காட்சியிலும், பேசுபவர் காட்சியாக எடுக்கும் கிளவுட் பதிவிலும் அவரே பெரிதாக நிற்பார். ஆகவே பதிவுத் தெரிவை மீண்டும் பேசுபவர் காட்சிக்கு மாற்றி, எழுதத் தொடங்குமுன் கைப்பேசியை Spotlight செய்கிறேன். பதிவில் கொப்பி முழுத்திரையில் நிற்க, என் குரல் கணினியிலிருந்து சேர்கிறது. மாணவர் எவர் இருமினாலும் படம் மாறுவதில்லை. என் திரையை நான் கலரியிலேயே வைத்திருக்கலாம். அது பதிவைப் பாதிக்காது.

இரண்டு அமைப்புகளையும் தெரிவுசெய்து தனித்தனிக் கோப்புகளாகவும் பெறலாம். ஆனால் சேமிப்பிடம் விரைவில் நிரம்பும். பிள்ளைகளைச் சிறு அறைகளாகப் பிரித்தால் (Breakout rooms) கிளவுட் பதிவு பிரதான அறையை மட்டுமே எடுக்கும். அந்த நேரத்தில் நடந்த குழுவேலை அதில் இராது.

நடனம் போன்று எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய வகுப்புக்குக் கலரிப் பதிவு பொருந்தக்கூடும். அதை நான் நடத்திப் பார்த்ததில்லை. எழுத்தை நம்பிய பாடமென்றால், முதல் வகுப்புக்கு முன் இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அது தயாரானதும் கொப்பியின் மிகச் சிறிய எழுத்தைக் கைப்பேசித் திரையில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.