ஃப்ரிட்ஜ் உள்ளே ஆரஞ்சு வாசனை லிக்விட் அடிக்கும் க்ளீனிங் ஆட்களிடம் கவனம்

வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் ஒரு சர்வீஸில் ஃப்ரிட்ஜையும் சேர்த்துச் சொல்லியிருந்தோம். வந்தவர், அடுப்பு மேடைப் பிசுக்குக்கு அடிக்கிற ஆரஞ்சு வாசனை லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் உள்சுவர் முழுக்கத் தடவி, பச்சை நாரால் தேய்த்தார். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. சில நாளில் கண்ணாடித் தட்டு உட்காரும் விளிம்பிலும் மூலைகளிலும் முடி போல விரிசல்கள் ஓட ஆரம்பித்தன.

ஃப்ரிட்ஜின் உள்சுவர் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனின் அதைக் கரைக்கும். தின்னர், பெட்ரோலும் அப்படியே. வளைவிலும் மூலையிலும் பிளாஸ்டிக் ஏற்கனவே இழுபட்டு நிற்பதால் முதலில் வெடிப்பது அங்கேதான். விரிசல் வழியாக ஈரம் பின்னால் இருக்கும் ஃபோமுக்குள் போனால் குளிர் தாங்காது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்சுவரை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை என்றார். சர்வீஸ்காரர்களைக் கேட்டால், "பழைய ஃப்ரிட்ஜ், தானா வெடிச்சிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு கொடுமையும் செய்திருந்தார்கள். உள்ளே தண்ணீரை ஊற்றிக் கழுவி, அழுக்கையெல்லாம் வடிகால் துளைக்குள் தள்ளிவிட்டார்கள். காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றம் எடுத்த பிறகுதான் அது தெரிந்தது.

இந்த வேலைக்குக் காரமான லிக்விட் எதுவுமே தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடித் தட்டுகளை வெளியே வைத்துக் குளிர் போகவிடுங்கள். ஜில்லென்று இருக்கும் கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விடும். பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் பிசுக்கு போய்விடும். வாடைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா. முழுதாகக் கரைய வேண்டும், தூளாகப் போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கடைசியாக வெறும் தண்ணீரில் துடைத்து, கதவு ரப்பரின் மடிப்பு வரைக்கும் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

வடிகால் துளை பெரும்பாலான மாடல்களில் பின்சுவரின் அடியில், காய்கறி டிரேக்குப் பின்னால் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதே சோடாத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். அது பின்பக்கம் கம்ப்ரஸர் மேலே இருக்கும் தட்டில் இறங்கினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியால் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். அப்புறம் துளையின் வாயையும் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தையும் பஞ்சு சுற்றிய குச்சியால் உலர்த்தி, கதவைத் திறந்தே வைத்து ஃபேன் போடுங்கள். அங்கே ஈரம் நின்றால் வழவழவென்று அழுக்குப் படிந்து, மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

ஆள் வைத்துத்தான் செய்வது என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே பாட்டிலை வாங்கிப் பாருங்கள். லேபிளில் சிட்ரஸ் எண்ணெய், லிமோனின், சால்வென்ட் என்று இருந்தால் ஃப்ரிட்ஜைத் தொடவிடாதீர்கள்.