ரவுட்டர் ஃபர்ம்வேர் அப்டேட்: எந்த வழியில் செய்வது, இடையில் நின்றுபோனால் எப்படி மீட்பது?

வீட்டு ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. மொபைல் செயலியிலோ தானியங்கி அமைப்பிலோ விட்டுவிடலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'புதிய பதிப்பு இருக்கிறதா' என்று தேடச் சொல்லி அங்கேயே ஏற்றலாம். அல்லது நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பைக் கணினியில் இறக்கி, நம் கையாலேயே ஏற்றலாம். எல்லாம் சரியாக நடந்தால் மூன்றும் ஒன்றுதான். வேறுபாடு தெரிவது நடுவில் கரண்ட் போகும்போது.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில் தொடக்கத்திலேயே, ஆன் செய்ததும் முதலில் ஓடி ஃபர்ம்வேரை எழுப்பும் பூட்லோடர் என்ற சிறு நிரல் தனியாக இருக்கும். ஃபர்ம்வேர் அதற்கு அடுத்த பகுதியில் இருக்கும். பெரும்பாலான அப்டேட்கள் பூட்லோடரைத் தொடாமல் ஃபர்ம்வேர் பகுதியை மட்டும் அழித்து எழுதுகின்றன. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் ஃபர்ம்வேர் உடைந்துவிடும், பூட்லோடர் பிழைத்துக்கொள்ளும். மீட்பு முறைகள் எல்லாமே அந்த பூட்லோடரை நம்பித்தான் இருக்கின்றன.

செயலி வழி அப்டேட்டின் பலம், தவறான கோப்பு ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது. ரவுட்டரே தன் மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்குகிறது. பலவீனம், ஏதாவது கெட்டுப்போனால் நம் கையில் கோப்பே இருக்காது. அதை இறக்க இணையம் வேண்டும், இணையமோ அந்த ரவுட்டர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நிர்வாகப் பக்கத்திலேயே தேடி ஏற்றுவதற்கும் இதே குறை உண்டு, நேரத்தை நாம் தேர்வு செய்யலாம் என்பது மட்டும் கூடுதல் வசதி. கோப்பை இறக்கி ஏற்றும் மூன்றாவது வழியில் தவறான கோப்பைத் தேர்ந்தெடுக்கும் அபாயம் உண்டு. ஆனால் மீட்புக்குத் தேவையான கோப்பு முன்கூட்டியே கணினியில் இருக்கும். கணினியும் லேன் கேபிளும் கைவசம் உள்ளவர்களுக்கு இந்த மூன்றாவது வழியையே பரிந்துரைப்போம்.

வைஃபையில் ஏற்றினால் ரவுட்டர் செத்துவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் கோப்பு முழுவதையும் முதலில் ரேமில் வாங்கி, சரிபார்த்த பிறகே ஃபிளாஷில் எழுதத் தொடங்கும். ஏற்றும்போது வைஃபை அறுந்தால் வழக்கமாக ஏற்றம் தோற்றுப்போகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து அடுத்து வரும் எழுதும் கட்டத்தில், அதுவும் மின்சாரத்தால். ஆனாலும் கேபிளில் செய்யுங்கள். மீட்பு முறைக்கு எப்படியும் கேபிள்தான் வேண்டும்.

தொடங்கும் முன் முதலில் ரவுட்டரைத் திருப்பி அடிப்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள ஹார்ட்வேர் பதிப்பு எண்ணும் வேண்டும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 என்ற ஒரே பெயரில் v2, v4, v5 என்று வெவ்வேறு வன்பொருள்கள் வந்திருக்கின்றன, ஒன்றின் ஃபர்ம்வேர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கோப்பு ஜிப்பாக வந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் `.bin` கோப்பை எடுங்கள். நிறுவனம் சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால் விண்டோஸில் இப்படி ஒப்பிடலாம்:

```
certutil -hashfile firmware.bin SHA256
```

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பின் கோப்பு தளத்தில் இருந்தால் அதையும் இறக்கி வையுங்கள். அமைப்புகளை பேக்கப் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய பதிப்பின் பேக்கப்பைப் புதிய பதிப்பு ஏற்காமல் போவது உண்டு. இணைய நிறுவனம் இணைப்புக்காகத் தந்த பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், வீலேன் எண் இந்த மூன்றையும் தாளில் எழுதி வையுங்கள். மின்வெட்டு உள்ள இடமென்றால் ரவுட்டரை யுபிஎஸ்ஸில் செருகிய பிறகே தொடங்குங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் அவர்களே தூரத்திலிருந்து ஃபர்ம்வேரை மாற்றுவார்கள், அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

ஏற்றிய பின் எழுதுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பக்கம் உறைந்ததுபோலத் தெரிந்தாலும் பத்து நிமிடம் வரை பிளக்கைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் விளக்குகள் எரிந்து அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருந்தால், அல்லது பவர் விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டினால், ஃபர்ம்வேர் உடைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ரவுட்டர் எழுந்து வைஃபை மட்டும் தகராறு செய்தால் அது வேறு கதை. ரீசெட் செய்து, அமைப்புகளைக் கையால் மீண்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடைந்த ரவுட்டரை மீட்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆசுஸில்தான் இது மிக எளிது. கணினிக்கு `192.168.1.10` என்று நிலையான முகவரி கொடுத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்து, பவர் விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கியதும் விட்டுவிட்டால் மீட்பு நிலைக்கு வந்துவிடும். அதன்பின் ஆசுஸ் தரும் Firmware Restoration நிரலில் கோப்பைக் காட்டினால் போதும். நெட்கியரின் பல மாடல்களில் கோப்பை நாம் தள்ள வேண்டும். கணினிக்கு அதே நிலையான முகவரியைக் கொடுத்து, நெட்வொர்க் வழியே கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி கிளையண்ட் வசதியை விண்டோஸில் முதலில் இயக்கிவிட்டு, பவர் விளக்கு சிமிட்டும் நிலையில் இந்தக் கட்டளை:

```
tftp -i 192.168.1.1 put firmware.chk
```

டிபி-லிங்க் இதற்கு நேர் எதிர். ரவுட்டரே கணினியிடம் வந்து கோப்பைக் கேட்கும், அதுவும் குறிப்பிட்ட முகவரியில், குறிப்பிட்ட பெயரில். ஆர்ச்சர் சி7 v5-ஐ எடுத்துக்கொள்வோம். கணினியின் முகவரியை `192.168.0.66` என்றும், மாஸ்க்கை `255.255.255.0` என்றும் மாற்றுங்கள். ஃபர்ம்வேர் கோப்புக்கு `ArcherC7v5_tp_recovery.bin` என்று பெயர் மாற்றி, கணினியை டிஎஃப்டிபி சர்வராக்கும் `tftpd64` நிரல் காட்டும் கோப்புறையில் வையுங்கள். கேபிள் ரவுட்டரின் லேன் போர்ட்டில் இருக்க வேண்டும், இணையம் உள்ளே வரும் வேன் போர்ட்டில் அல்ல. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்து, டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததும் விடுங்கள். நிரலின் லாக்கில் கோப்பு போவது தெரியும். பிறகு எழுதி முடித்துத் தானாக ரீபூட் ஆகும்வரை தொடாமல் விடுங்கள்.

லாக்கில் ஒன்றுமே வரவில்லையா? முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள், டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69 போர்ட்டை அது மறித்திருக்கலாம். கோப்பின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் ரவுட்டர் எடுக்காது. விண்டோஸ் நீட்சியை மறைத்து வைத்திருந்தால் பெயர் `.bin.bin` என்று முடிந்திருக்கும். மூன்றாவது காரணம் பலர் கண்ணில் படாதது. பூட்லோடர் கோப்பைக் கேட்பது சில நொடிகள் மட்டுமே. ரவுட்டர் ஆன் ஆகும்போது கணினியின் நெட்வொர்க் கார்டு இணைப்பை உணர்ந்து தயாராவதற்குள் அந்த நொடிகள் ஓடிவிடும். நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்து, கணினியையும் ரவுட்டரையும் அதில் செருகினால் கணினியின் இணைப்பு அறுபடாமல் இருக்கும், கோப்பு போய்விடும்.

லிங்க்சிஸின் WRT1900AC, WRT3200ACM போன்றவற்றில் இவ்வளவு பாடு இல்லை. ஃபிளாஷில் இரண்டு ஃபர்ம்வேர் பகுதிகள் உள்ளன. அப்டேட் பயன்பாட்டில் இல்லாத பகுதியில்தான் எழுதப்படும். பூட் முடியும் முன்பே அணைப்பதை மூன்று முறை தொடர்ந்து செய்தால் ரவுட்டர் தானாகவே பழைய பகுதிக்குத் தாவிவிடும். ரவுட்டர் வாங்கும்போதே இந்த இரட்டைப் பகுதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எந்த முறையிலும் பதில் வராமல், ஆன் செய்தும் விளக்குகள் உயிர்காட்டாமல் இருந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பூட்லோடரே போயிருக்கலாம். அதன்பின் பெட்டியைத் திறந்து, பூட்லோடர் வெளியிடும் செய்திகளைக் கணினித் திரையில் காட்டும் 3.3 வோல்ட் சீரியல் அடாப்டர் இணைத்துப் பார்க்க வேண்டும், அதிலும் எழுத்து வராவிட்டால் ஃபிளாஷ் சிப்பையே புரோகிராமர் கருவியில் வைத்து எழுத வேண்டும். வாரண்டி இருந்தால் அதற்குமுன் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், பெட்டியைத் திறந்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.