பி.எஃப். கணக்கா, தொழிற்சாலைக் கணக்கா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பராமரிப்பு வேலையா, கோவையில் பம்ப் தயாரிப்பா என்று போன வருடம் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எந்தத் துறை பல வருடங்களுக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கும் என்று பார்க்க இரண்டு புள்ளிவிவரங்களைப் புரட்டினேன். ஒன்று, மாதாமாதம் வரும் பி.எஃப். சேர்க்கைக் கணக்கு. இன்னொன்று, மத்திய புள்ளியியல் துறை வெளியிடும் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு.

பி.எஃப். கணக்கு சுடச்சுட வரும், இரண்டு மாதம்தான் தாமதம். செய்தித்தாளில் ‘இத்தனை லட்சம் புதிய வேலை’ என்று வருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் பி.எஃப். சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 19 பேர் இருந்த பட்டறையில் ஒருவர் கூடினால், பழைய ஆட்களும் புதிதாகச் சேர்ந்தவர்களாகப் பதிவாகலாம். நிஜத்தில் கூடியது ஒரே ஒரு வேலை.

என்னைத் திருப்பியது வேறு ஒன்று: ஆள் யார் பெயரில் எண்ணப்படுகிறார்? ஒரு பனியன் கம்பெனியில் 200 பேர் தைக்கிறார்கள், அதில் 80 பேரை ஒப்பந்தக்காரர் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். அட்டவணையில் அந்த 80 பேரும் ஆடைத் துறையில் வராமல், ‘நிபுணர் சேவை’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஆள் சப்ளை, ஒப்பந்தக்காரர், செக்யூரிட்டி எல்லாம் அதற்குள்தான். பெயரைப் பார்த்து ஆடிட்டர் வேலை கூடிவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு, நானும் நினைத்தேன்.

தொழிற்சாலைக் கணக்கெடுப்பு அந்த 80 பேரையும் கம்பெனியின் துறையிலேயே எண்ணி, நேரடி ஆள், ஒப்பந்த ஆள் என்று பிரித்தும் காட்டும். ஆடைத் தயாரிப்புக்குக் குறியீடு 14, பம்ப் உள்ளிட்ட இயந்திரங்களுக்கு 28. தமிழ்நாட்டு அட்டவணையில் ஐந்து வருட இடைவெளியில் இரண்டு ஆண்டுகளை எடுத்து, மொத்த ஆட்களையும் ஒப்பந்த ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மொத்தம் 100 கூடி அதில் 90 ஒப்பந்தம் என்றால், ஆர்டர் குறைந்ததும் முதலில் கழிபவர்கள் அவர்கள்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் இந்தப் பயம் எங்களுக்கெல்லாம் புரிந்தது.

தொழிற்சாலைக் கணக்கெடுப்பிலும் குறை இருக்கிறது. 2023-24 கணக்கு 2025 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேருக்குக் கீழே என்றால் பொதுவாகக் கணக்கிலேயே வராது, அதனால் நம்ம ஊர் பவர் டேபிள் தையல், ஜாப் ஒர்க் பட்டறைகளில் பலவும் விடுபடும். மாநில அட்டவணையில் திருப்பூரையும் கோவையையும் தனியாகவும் பிரிக்க முடியாது.

சரி, நான் பம்ப் பக்கம் போனேன். எண்கள் மட்டும் காரணமில்லை, கோவை கணபதியில் மாமனார் வீடு இருந்தது. சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஐந்து வருடக் கேள்விக்கு ஒரு வருட அனுபவத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.