மாப்பிள்ளைச் சம்பா கைமுறுக்கு: இரண்டு அறிவிப்புகளில் எது?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் முதன்முறையாக மாப்பிள்ளைச் சம்பா மாவில் கைமுறுக்கு சுற்றப்போகிறோம் என்பதை அறிவிக்க, நாத்தனார் ஒரு வாசகமும் நான் ஒரு வாசகமும் எழுதினோம்.

அவருடையது: "பாட்டியின் கைப்பக்குவத்தில், ஆரோக்கியம் நிறைந்த புதிய முறுக்கு! உடனே முந்துங்கள்!"

என்னுடையது: "மாப்பிள்ளைச் சம்பா கைமுறுக்கு, நான்கு சுற்று. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், கடலை எண்ணெய். வெள்ளிக்கிழமை சுடுகிறோம். 200 கிராம் பொட்டலங்கள் 20 மட்டுமே. விலை 120 ரூபாய். வியாழன் மாலை 6 மணிக்குள் சொல்லிவிடுங்கள்."

அவருடையது காதுக்கு இனிமையாக இருந்தாலும், அதிரசத்துக்கும் அப்படியே பொருந்தும். கைப்பேசியில் முதலில் தெரியும் ஓரிரு வரிகளில் அரிசியின் பெயர்கூட இல்லை. எண்ணெயில் பொரித்த பண்டத்தை ஆரோக்கியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னுடையதில் எண்ணிக்கை வெறும் பரபரப்புக்காக இல்லை. கையால் சுற்றும் இருவர் ஒரு நாளில் நான்கு கிலோவுக்கு மேல் முடிப்பது எங்கள் வீட்டில் நடவாது.

ஆனால் என் வாசகம் மளிகைச் சீட்டைப் போல வறண்டிருப்பதோடு, முக்கியமான ஒன்றையும் விட்டுவிட்டது. இந்தச் சிவப்பரிசி முறுக்கு செம்பழுப்பாகத்தான் வேகும். மாதிரிக்குக் கொடுத்தபோது எதிர்வீட்டு மாமி, "தீய்ந்துவிட்டதா அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஆகவே என்னுடையதையே எடுத்து, முதல் வரியை அடுத்து இதைச் சேர்த்தோம்: "செம்பழுப்பு நிறம் அரிசியுடையது, முறுக்கு கருகவில்லை." பாட்டியைக் கடைசி வரியில் வைத்தோம், ஏனெனில் உளுந்தின் அளவு உண்மையிலேயே அவர் சொன்னது.