"Only 3 left" என்று உண்மையாகவே போட முடியுமா? ரப்பர் தேன் கடையில் WooCommerce அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கிறவர்களுக்குச் சரக்கு தீர்ந்துபோவது வருஷாவருஷம் நடப்பதுதான். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்புநீர் ஊறும். எங்கள் ஊர்த் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, அங்கிருந்துதான் வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓட்டம். அந்த நேரத்தில் மழை பிடித்தாலோ, தளிரில் சாம்பல் நோய் விழுந்தாலோ பெட்டியில் ஒன்றும் இருக்காது. எடுத்ததை வைத்துத்தான் மீதி வருஷத்தை ஓட்ட வேண்டும்.

ஆக, "கொஞ்சம்தான் இருக்கு" என்று சொல்ல எங்களுக்கு நியாயமான காரணம் உண்டு. அதை இணையதளத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. எங்கள் கடைத் தளம் WooCommerce என்ற இணையக் கடை மென்பொருளில் ஓடுகிறது. அதன் இருப்பு அமைப்பை சில சீசன்களாகப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

தளம் அமைத்துத் தந்த பையன் முதலில் ஒரு கடிகாரச் செருகுநிரலைக் காட்டினான். "அண்ணே, 15 நிமிஷத்துல ஆஃபர் முடியும்னு ஓட விட்டா ஆர்டர் கூடும்" என்றான். மறைநிலை சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடிகாரம் மறுபடியும் 15:00-இலிருந்து ஓடியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் கடிகாரம் எந்தச் சலுகையையும் முடிப்பதில்லை. எந்தக் கடையின் கடிகாரத்தையும் இப்படிச் சோதிக்கலாம்: வேறு உலாவியில் திறந்து பாருங்கள், அல்லது மறுநாள் வந்து அதே விலைதானா என்று பாருங்கள். அதோடு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகையைப் பட்டியலிடுகிறது. பொய் அவசரம் அதில் ஒன்று. இருப்பதைவிடக் குறைவாக இருப்பதாகக் காட்டுவதும் அதில் அடக்கம். கடிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதிலாக WooCommerce-இலேயே இருக்கும் வசதி போதும். Settings, Products, Inventory என்று போனால் Stock display format என்று ஒரு தேர்வு வரும். எண்ணிக்கையை எப்போதும் காட்டலாம், குறைந்தால் மட்டும் காட்டலாம், காட்டாமலே விடலாம். நான் வைத்திருப்பது இரண்டாவது. குறைவு என்பது எத்தனை என்று Low stock threshold-இல் சொல்ல வேண்டும், அதில் முன்னிருப்பாக 2 இருக்கும். எங்களுக்கு அது போதாது. ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பாட்டில் வாங்குவது வழக்கம் என்பதால் 6 ஆக்கினேன். அப்புறம், ஒவ்வொரு பொருளிலும் இருப்பைக் கண்காணிக்கும் தேர்வை இயக்கி எண்ணிக்கையை உள்ளிட வேண்டும். இல்லையென்றால் காட்ட அதனிடம் எண்ணே இருக்காது.

இவ்வளவும் அரை மணி நேர வேலை. எதை எண்ணி உள்ளிடுவது என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது.

ஒரு உதாரணம். தெளிய வைத்து வடிகட்டிய தேன் பீப்பாயில் 60 கிலோ இருக்கிறது. அதிலிருந்து அரைக் கிலோ பாட்டில் 40 நிரப்பித் தளத்தில் 40 என்று போடுகிறேன். 37 போனதும் பக்கத்தில் "Only 3 left in stock" வருகிறது. அடுக்கில் மூன்று பாட்டில்தான் இருக்கிறது, அதனால் கணினியின் கணக்கு சரி. ஆனால் பின்னறையில் இன்னும் 40 கிலோ கிடக்கிறது. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவர், இந்த வருஷத் தேன் மூன்று பாட்டிலோடு தீர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். எண் சரியாக இருந்தும் அவர் ஏமாந்துதான் போகிறார்.

இதற்கு நான் கண்ட வழி, பொருளுக்குள் இருக்கும் Backorders என்ற தேர்வு. பீப்பாயில் தேன் இருக்கும்வரை அதை "Allow, but notify customer" என்று வைக்கிறேன். அப்போது பக்கத்தில் "Only 3 left in stock (can be backordered)" என்று வரும். இப்போது மூன்று போகும், மீதி நிரப்பி அனுப்புவோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். பீப்பாய் காலியாகி கடைசித் தொகுதி பாட்டிலுக்கு வந்த அன்று "Do not allow" என்று மாற்றுவேன். அதற்குப் பிறகு வரும் "3 left" என்பது உண்மையிலேயே மூன்றுதான். மாற்றுவதை யாராவது ஒருவர் ஞாபகமாகச் செய்ய வேண்டும் என்பது இதில் உள்ள குறை. எங்கள் வீட்டில் பீப்பாயைக் கழுவுகிறவருக்கே அந்தப் பொறுப்பு.

அடுத்தது கடை மேசை. அதே தேன் நேரில் வருகிறவர்களுக்கும் போகிறது. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால், மேசையில் விற்றதை உடனே குறைக்காதபோது தளம் இல்லாத பாட்டிலை விற்றுவிடும். அதனால் கடைசித் தொகுதியைப் பிரித்துவிட்டோம். 80 பாட்டில் என்றால் 20 கடைக்கு, 60 தளத்துக்கு. பொருள் விவரத்திலேயே "இது தபாலில் அனுப்ப ஒதுக்கியதன் எண்ணிக்கை, கடையில் தனியாகக் கொஞ்சம் இருக்கும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு, தளத்தில் தீர்ந்தபின் நாகர்கோவிலிலிருந்து நேரில் வந்து வாங்கியவர்களும் உண்டு.

இனி தொல்லைகள். யாராவது ஆர்டர் போட்டு யுபிஐ கட்டாமல் விட்டால், Hold stock அமைப்பு அந்தப் பாட்டிலை 60 நிமிடம் பிடித்து வைத்திருக்கும். பொருள் பக்கத்தில் "1 left" என்றுதான் தெரியும். இன்னொருவர் வாங்கப் போனால் கட்டணப் பக்கத்தில் இருப்பு இல்லை என்று தடுக்கும். அவருக்கு அது பொய் மாதிரிதானே தெரியும்? நான் 20 நிமிடமாகக் குறைத்தேன். அதற்கும் கீழே போக மனம் வரவில்லை. வங்கி தாமதித்தால் பணம் போனபிறகு ஆர்டர் ரத்தாகும், அது இதைவிடப் பெரிய தலைவலி.

திரும்பி வரும் பார்சலிலும் கவனம் வேண்டும். ஆர்டரை ரத்து என்று மாற்றிய கணமே இருப்பு ஒன்று கூடிவிடும். பாட்டிலோ இன்னும் ஏதோ ஒரு தபால் நிலையத்தில் இருக்கும். அது கைக்கு வந்து, மூடி கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் நான் ரத்து செய்கிறேன். பக்கத்தை வேகப்படுத்த அதன் நகலைச் சேமித்துக் காட்டும் cache செருகுநிரல் வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஒரு ஆர்டர் போட்டுவிட்டு, உள்நுழையாத உலாவியில் எண் குறைந்ததா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் பொருள் பக்கங்களை cache-இலிருந்து விலக்கிவிடுங்கள்.

விற்பனை கூடியதா என்று கேட்பீர்கள். கடைசி ஆறு பாட்டில் மற்றவற்றைவிட வேகமாகப் போகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் ஃபோனும் வரும். போன மே மாதம் கருங்கல்லிலிருந்து ஒரு அக்கா, "உள்ளதாட்டு ரெண்டுதான் இருக்கா, இல்ல சும்மா போட்டிருக்கியளா?" என்று கேட்டார். "உள்ளதுதான் அக்கா, பீப்பாய் கழுவியாச்சு. ஆனா கடையில ஏழு இருக்கு, இங்க வந்தா தபால் செலவு மிச்சம்" என்றேன். தளத்தில் வாங்காமல் மறுநாள் பஸ்ஸில் வந்து மூன்று வாங்கிப்போனார். அவசரப்படுத்தி விற்கும் கணக்கில் பார்த்தால் அது ஒரு இணைய ஆர்டர் நஷ்டம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீர்ந்தபின் பக்கத்தை அழிப்பதில்லை. "அடுத்த ரப்பர் தேன் பிப்ரவரி கடைசிக்கு மேல், மழையைப் பொறுத்து" என்று போடுகிறேன். தேதி குறித்துக் கடிகாரம் ஓட்டச் சொல்லி இப்போதும் யோசனை வருகிறது. தளிர் எப்போது விடும் என்று மரத்திடம் யார் கேட்பது?