பழைய சார்ட்டை எதிர்காலம் தெரியாமல் பார்ப்பது: பார் ரீப்ளே குறித்து ஒரு வங்கி எழுத்தரின் நீண்டகால அனுபவம்

பங்கு விலைச் சார்ட்டுகளைக் காட்டும் டிரேடிங்வியூ தளத்தில் உள்ள பார் ரீப்ளே வசதியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தர். எங்கள் பணி விதிகளின்படி பங்குகளில் முதலீடு செய்யலாம், ஊக வணிகம் கூடாது என்பதால், ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கத்தை ஒரே பட்டையாகக் காட்டும் தினசரி கேண்டில்களை மட்டுமே பார்க்கிறேன். அதற்கு இலவசக் கணக்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. வசதி என்னவோ எளிமையானதுதான். பழைய சார்ட்டில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு வலப்பக்கம் உள்ள அனைத்தும் மறைந்துவிடும்; பிறகு Shift + → அழுத்தும்போதெல்லாம் ஒரு நாளின் கேண்டில் புதிதாகத் தோன்றும். பங்கு வாங்குவதற்கான பயிற்சியாகவே இதைத் தொடங்கினேன். ஆனால் இது எனக்கு உண்மையில் கற்றுத் தந்தது பங்குகளைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. அதற்கு இந்த வசதியைச் சாதாரணமாகப் பயன்படுத்தினால் போதாது என்பதால், நான் கையாளும் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வலப்பக்கத்தை மறைத்துவிட்டால் எதிர்காலம் தெரியாது என்று தோன்றும், அது சரியல்ல. திரையின் அடியில் 2020 பிப்ரவரி என்று இருந்தாலே, அடுத்த மாதம் 23ஆம் தேதி பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது நினைவுக்கு வந்துவிடும். பங்கின் பெயர் தெரிந்தால் அதன் கதையும் தெரியும். விலையும் காட்டிக்கொடுக்கும்: பங்குப் பிரிப்புக்கும் போனஸுக்கும் ஏற்பப் பழைய விலைகள் திருத்தப்பட்டிருப்பதால், அன்று 2,500 ரூபாய்க்கு விற்ற பாரத ஸ்டேட் வங்கிப் பங்கு இன்றைய சார்ட்டில் 250 ரூபாய் என்று நிற்கும், ஏனென்றால் 2014 நவம்பரில் அதன் முகமதிப்பு 10 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது. இவற்றைவிட நுட்பமான ஒரு கசிவும் உண்டு. விலை அச்சைக் கையால் இழுத்து நிறுத்திய பிறகு ரீப்ளேவைத் தொடங்கினால், கேண்டில்களுக்கு மேலே காலியாக இருக்கும் பெரிய இடமே விலை எங்கே போகப்போகிறது என்பதைச் சொல்லிவிடும். அச்சு தானியங்கி அளவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் நான் கண்ட வழி, மூன்று காகிதத் துண்டுகளும் என் மகளும்தான். திரையின் மேலே பங்கின் பெயர், கீழே தேதி, வலது ஓரத்தில் விலை என மூன்று இடங்களையும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுகிறோம். பங்கையும் தொடங்கும் நாளையும் மகள் தேர்ந்தெடுக்கிறாள். பட்டியலை இன்றைய நிஃப்டி 50இலிருந்து எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். இன்று பட்டியலில் இருப்பவை பிழைத்து வளர்ந்த நிறுவனங்கள், அவற்றை மட்டும் ரீப்ளே செய்தால் எதை வாங்கினாலும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஆகவே பழைய ஆண்டுகளின் பட்டியலைத் தேடி எடுத்து, பின்னர் நீக்கப்பட்ட பங்குகளையும் சேர்த்துக்கொண்டாள். விலை தெரியாததால், வாங்கிய இடத்தில் ஒரு கிடைக்கோடும், எங்கே வந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேனோ அங்கே இன்னொரு கிடைக்கோடும் Alt + H அழுத்திப் போடுகிறேன்.

மிக முக்கியமானது நோட்டு. வவுச்சர் இல்லாமல் எங்கள் கிளையில் எந்தப் பதிவும் நடக்காது. அதைப் போலவே, முடிவையும் காரணத்தையும் பேனாவால் எழுதிய பிறகே அடுத்த கேண்டிலுக்குப் போவேன். அடித்தல் திருத்தல் கிடையாது. இந்தக் கண்டிப்பு ஏன் வேண்டும் என்பதை உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் இடையே நடந்த போரைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, அதன் முடிவு இதுதான் என்று சிலருக்கு மட்டும் சொன்னார். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவு தெரியாமலிருந்தாலும் அதையே அதிகம் எதிர்பார்த்திருப்போம் என்று நம்பினார்கள். முடிவு தெரிந்த மனம், தெரியாமலிருந்த நிலைக்குத் தானாகத் திரும்புவதில்லை. எழுதி வைத்த காரணம் மட்டுமே மாறாமல் நிற்கிறது.

என் கண்ணைத் திறந்த சார்ட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இடப்பக்கம் நீண்ட ஏற்றம், உச்சி, பிறகு செங்குத்தான வீழ்ச்சி. உச்சியிலிருந்து பாதிக்கும் கீழே வந்து விலை தடுமாறிக்கொண்டிருந்தது. வாங்கினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘பழைய உச்சிக்குத் திரும்பும்’ என்று எழுதினேன். அடுத்த சில மாதக் கேண்டில்களில் விலை நன்றாகவே ஏறியது. ஆனால் பழைய உச்சி இன்னும் வரவில்லை என்பதால் விற்கவில்லை. பிறகு ஒரே நாளில் மிகப் பெரிய இடைவெளியோடு விழுந்தது. என் தவறுக்கோட்டைத் தாண்டிவிட்டது. விதிப்படி வெளியேறினேன், ஆனால் சில வாரக் கேண்டில்கள் கழித்து மறுபடியும் வாங்கினேன். அதற்கும் கீழே போனபோது இன்னொரு முறை வாங்கினேன். ஒவ்வொரு முறையும் எழுதிய காரணத்தில் அதே உச்சிதான் இருந்தது.

காகிதத்தை எடுத்தபோது அது யெஸ் பேங்க். 2018 ஆகஸ்டில் ஏறக்குறைய 400 ரூபாய். தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி குறைத்ததைத் தொடர்ந்து, செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் சுமார் 29 சதவீத வீழ்ச்சி. நான் முதலில் வாங்கிய 2018 நவம்பரில் 150 முதல் 200 ரூபாய்க்குள். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் 270 ரூபாய்க்கு மேல். காலாண்டு நட்டம் அறிவித்த பிறகு ஏப்ரல் 30 அன்று மீண்டும் ஏறக்குறைய 29 சதவீத வீழ்ச்சி. ஜூலை நடுவில் 100 ரூபாய்க்குக் கீழே. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதன்மீது தடைக்காலம் விதித்து, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி செய்தது. மறுநாள் பங்கு சுமார் 16 ரூபாயில் முடிந்தது. அந்த வாரம் எங்கள் கவுன்ட்டரிலும் ‘நம்ம பேங்க் பத்திரமா இருக்குமா சார்?’ என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. இந்தக் கதை முழுவதையும் தெரிந்த நான், பெயர் தெரிந்திருந்தால் அந்தப் பங்கைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பெயர் மறைந்தவுடன் திரும்பத் திரும்ப வாங்கினேன்.

ஒரு சார்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதால், நோட்டின் பழைய பக்கங்களிலிருந்து காரணங்களை மட்டும் எடுத்து வகைப்படுத்தினேன். விழுந்த பங்குகளை வாங்கிய இடங்களில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு வடிவில் பழைய உச்சியே காரணமாக இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டு, ‘அப்பா, விலை எங்கேருந்து வந்துச்சுன்னுதான் எழுதியிருக்கீங்க. இப்ப எங்கே போகுதுன்னு ஒரு இடத்துலயும் எழுதல’ என்றாள்.

இறங்கிய விலையில் வாங்குவது ஒரு முறையான அணுகுமுறைதானே, இதை மனச்சாய்வு என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது Alt + I. அந்த விசையை அழுத்தினால் விலை அச்சு தலைகீழாகிவிடும். இறக்கம் ஏற்றமாகத் தெரியும். இதற்கு முன் Alt + L அழுத்தி மடக்கை அளவுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். சாதாரண அளவில் 400லிருந்து 100க்கு விழுந்த பங்கு பழைய இடத்துக்குத் திரும்ப 300 சதவீதம் ஏற வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாது. மடக்கை அளவில் சம சதவீத மாற்றங்கள் சம உயரத்தில் நிற்பதால், தலைகீழாக்கியும் நியாயமாக ஒப்பிட முடிகிறது. நான் முன்பு பார்த்த சார்ட்டுகளில் சிலவற்றை மகள் பல வாரங்கள் கழித்து, எனக்குச் சொல்லாமல், தலைகீழாக்கிக் கொடுத்தாள்.

எனக்கு உண்மையிலேயே ஓர் அணுகுமுறை இருந்திருந்தால், நேராகப் பார்த்தபோது ‘இறக்கம் முடிந்தது, இனி ஏறும்’ என்று எழுதிய அதே இடத்தில், தலைகீழாகப் பார்க்கும்போது ‘ஏற்றம் முடிந்தது, இனி இறங்கும்’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியிருந்ததோ ‘வலுவான ஏறுமுகம், இறங்கும் அறிகுறி இல்லை, வைத்திருக்கலாம்’ என்று. விழும் சார்ட்டைப் பார்த்தால் அது திரும்பும் என்கிறேன். அதையே ஏறும் சார்ட்டாகப் பார்த்தால் அது தொடரும் என்கிறேன். இரண்டிலும் பொதுவாக இருப்பது, எந்தப் படத்தைக் காட்டினாலும் விலை மேலே போகும் என்ற என் எதிர்பார்ப்பு மட்டுமே. நேர்ப்பதிவையும் தலைகீழ்ப்பதிவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வாதாட எனக்கு எதுவும் மிச்சமில்லை.

இந்தச் சோதனைக்கும் வரம்புகள் உண்டு. பங்குகள் பொதுவாக மெதுவாக ஏறி வேகமாக விழுகின்றன. ஆகவே தலைகீழ் சார்ட்டில் மெதுவான இறக்கமும் திடீர் பாய்ச்சலும் மாறிமாறி வரும். சில மாதங்கள் பழகியவுடன், 29 சதவீத இடைவெளியோடு ‘ஏறும்’ ஒரு கேண்டிலைக் கண்டதும் இது கவிழ்த்து வைத்தது என்று தெரிந்துவிடுகிறது. அதனால் இப்போது அமைதியான பகுதிகளை மட்டுமே மகள் இதற்குத் தேர்ந்தெடுக்கிறாள். மேல்நோக்கிய எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் பிழை என்றும் சொல்ல முடியாது: 1995 நவம்பரில் 1,000 என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்ட நிஃப்டி 2023 செப்டம்பரில் 20,000ஐத் தாண்டியது. ஆனால் குறியீட்டிலிருந்து விழுந்த நிறுவனம் வெளியேற்றப்பட்டு வேறொன்று உள்ளே வருகிறது. நான் வாங்கிய தனிப்பங்கை அப்படி யாரும் மாற்றித் தருவதில்லை. குறியீட்டுக்குப் பொருந்தும் நம்பிக்கையைத் தனிப்பங்கின்மேல் ஏற்றியதே என் சாய்வின் வேர் என்று நினைக்கிறேன்.

ரீப்ளேயால் தர முடியாதது காலத்தின் கனம். யெஸ் பேங்க் முதலீட்டாளர்கள் ஒன்றரை ஆண்டு சுமந்ததை நான் அரை மணி நேரத்தில் கடந்துவிட்டேன். செய்திகளும் இதில் இல்லை. உண்மையான முடிவை யாரும் செய்தித்தாள் படிக்காமல் எடுப்பதில்லை. ஆகவே ரீப்ளேயில் வந்த லாப நட்டக் கணக்கை நான் பொருட்படுத்துவதே இல்லை, காரணங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பங்கு வாங்கும் திறமையை அளக்க இதைப் பயன்படுத்துவோருக்கு இது ஏமாற்றத்தையே தரும்.

நடைமுறையில் மாறியவை இரண்டு. காரணக் கட்டத்தில் பழைய விலை எதையும் குறிப்பிடக் கூடாது. குறிப்பிட்டால் அந்த முடிவு செல்லாது, அந்த நாளைக் கடந்து போக வேண்டும். அடுத்து, உண்மையான பணத்தில் ஒரு பங்கை வாங்கும் முன் அதன் சார்ட்டைக் கவிழ்த்து, இதை இப்போது விற்கத் தோன்றுகிறதா என்று கேட்டு, விடையையும் நோட்டில் எழுதுகிறேன். தோன்றவில்லை என்றால் வாங்குவதில்லை. இந்த விதி வந்த பிறகு தனிப்பங்குகளில் என் வாங்குதல் வெகுவாகக் குறைந்து, மாதச் சேமிப்பின் பெரும்பகுதி குறியீட்டு நிதிக்குப் போகிறது. ரீப்ளே மட்டும் நிற்கவில்லை. ஞாயிறு காலைகளில் மகள் பங்கைத் தேர்ந்தெடுக்கிறாள், நான் எழுதுகிறேன், அண்மைக்காலமாக அவளும் தனக்கென ஒரு நோட்டு போட்டு, என்னுடையதைப் பார்க்காமல் எழுதி வருகிறாள்.