டிவியிலும் மானிட்டரிலும் விஆர்ஆர்: 48-க்கு மேலே சுகம், கீழே சிக்கல்

கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதிதான் விஆர்ஆர். டிவியின் பெட்டியில் விஆர்ஆர் என்று போட்டிருக்கும், கன்சோலின் விவரப் பட்டியலிலும் அதே எழுத்துகள் இருக்கும். இரண்டையும் இணைத்தால் சில சமயம் அந்த வசதி மெனுவிலேயே வராது. சில சமயம் வரும், ஆனால் படம் பழையபடியே தட்டுத்தடுமாறும். வெவ்வேறு திரைகளில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது: கருவி எந்த வகை விஆர்ஆரை அனுப்புகிறது என்பதிலும், திரை எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கொடுக்கிறது என்பதிலும்.

முதலில் அடிப்படைக் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும். கேம் விநாடிக்கு 50 பிரேம் கொடுத்தால், ஒரு பிரேம் தயாராக 20 மில்லி விநாடி ஆகிறது. அது திரையின் தாளத்தைத் தவறவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும். அதனால் சில பிரேம்கள் 16.7 மில்லி விநாடியும், சில 33.3 மில்லி விநாடியும் திரையில் நிற்கும். கேமராவை மெதுவாகச் சுழற்றும்போது கண்ணில் படும் உதறல் இதுதான். காத்திருக்காமல் பாதியிலேயே அனுப்பினால் படம் குறுக்கே கிழியும். விஆர்ஆர் இருந்தால் திரையே 20 மில்லி விநாடி பொறுத்திருந்து புதுப்பிக்கும். 50 பிரேம் என்பது 50 ஹெர்ட்ஸாகவே வரும், உதறலும் கிழிசலும் இருக்காது.

இனி வகைகள். தொலைக்காட்சிகளில் இருப்பது எச்டிஎம்ஐ 2.1 தரத்தோடு வந்த விஆர்ஆர். மானிட்டர்களில் அதற்கு முன்பே டிஸ்ப்ளேபோர்ட் வழியாக அடாப்டிவ் சிங்க் வந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன் மேல் எழுந்தது. அதே ஃப்ரீசிங்கை எச்டிஎம்ஐ கேபிளிலும் ஓட்ட ஏஎம்டி தனியாக ஒரு முறை வைத்திருக்கிறது. பெயருக்கு எல்லாம் ஒரே வேலைதான், ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. பிளேஸ்டேஷன் 5-க்கு எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் மட்டுமே தெரியும், அதுவும் 2022 ஏப்ரலில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான். எச்டிஎம்ஐ 2.0 மட்டும் உள்ள பழைய ஃப்ரீசிங்க் மானிட்டரில் அதை மாட்டினால் விஆர்ஆர் வராது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் இரு வகையும் தெரியும் என்பதால் அதே மானிட்டரில் அவை வேலை செய்யும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் கையில் வைத்து ஆடும்போது அதன் சொந்தத் திரைக்கு விஆர்ஆர் உண்டு. ஆனால் டிவிக்கு விஆர்ஆர் இல்லாமலேயே அது விற்பனைக்கு வந்தது.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டுமே அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களோடு சேரும். எச்டிஎம்ஐ மூலம் டிவியில் விஆர்ஆர் வேண்டுமானால் ஜிடிஎக்ஸ் 16 அல்லது ஆர்டிஎக்ஸ் 20 வரிசையாவது வேண்டும். அவற்றில் இருப்பதும் எச்டிஎம்ஐ 2.0 தான், ஆகவே 4கே-யில் 120 ஹெர்ட்ஸை முழு நிறத்தோடு எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு ஆர்டிஎக்ஸ் 30 அல்லது ஏஎம்டி ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து தொடங்க வேண்டும்.

வகை பொருந்திய பிறகும் ஏமாற்றம் தரக்கூடியது கீழ் எல்லை. பெரும்பாலான திரைகள் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. 120 ஹெர்ட்ஸ் திரைக்கு இது தடையே இல்லை. கேம் 45 பிரேமுக்கு விழுந்தால் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டி 90 ஹெர்ட்ஸாக அனுப்பலாம், அது எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்துவிடும். இந்த இரட்டிப்புக்கு எல்எஃப்சி என்று பெயர். 60 ஹெர்ட்ஸ் திரையில் இது முடியாது, 90-க்கு அங்கே இடமில்லையே. அதனால் 48 முதல் 60 வரை என்ற குறுகிய பட்டைதான் கிடைக்கும். 'விஆர்ஆர் உண்டு' என்று விற்கப்படும் 60 ஹெர்ட்ஸ் டிவியை எடுக்கும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின் வரும் வருத்தங்களில் பாதி இதனால்தான்.

திரை 120 ஹெர்ட்ஸாக இருந்தாலும் இரட்டிப்பை யாராவது செய்ய வேண்டும். எக்ஸ்பாக்ஸில் கன்சோலே செய்கிறது, ஆனால் வெளியீட்டை 120 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால்தான். 60-இல் விட்டுவிட்டு விஆர்ஆரை மட்டும் இயக்கினால் அந்தப் பலன் கிடைக்காது. பிளேஸ்டேஷன் 5 எல்லா கேமுக்கும் பொதுவாக இதைச் செய்வதில்லை, அந்தந்த கேமை உருவாக்கியவர்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தவர்கள் சிலரே. ஒரு கேம் 42-க்கும் 57-க்கும் இடையில் ஊசலாடுகிறது என்று வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் முழுதும் வழுக்கிக்கொண்டு போகும். பிளேஸ்டேஷனில், எல்எஃப்சி சேர்க்காத கேம் என்றால், 48-க்கு மேலே இருக்கும்வரை அருமையாக இருந்துவிட்டு, கீழே போன நொடியில் உதறும். மேலும் கீழும் மாறி மாறிப் போவதால், விஆர்ஆர் இல்லாததைவிடவும் கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும். அப்படிப்பட்ட கேமில் 120 ஹெர்ட்ஸுக்கான 40 பிரேம் மோட் இருந்தால் அதையே எடுங்கள். ஒவ்வொரு பிரேமும் சரியாக மூன்று புதுப்பிப்புக்கு நிற்பதால் விஆர்ஆரை நம்ப வேண்டியதே இல்லை.

அமைக்கும்போது டிவியிலிருந்து தொடங்குவது நல்லது. பல டிவிகளில் நான்கு எச்டிஎம்ஐ துளைகளில் இரண்டுக்கு மட்டுமே இந்த வசதி இருக்கும். சரியான துளையில் மாட்டி, அந்தத் துளைக்கு மேம்பட்ட சிக்னலை இயக்கி, கேம் மோடையும் போட வேண்டும். பிறகு பிளேஸ்டேஷனில் Settings, Screen and Video, Video Output என்று போய் VRR-ஐ Automatic ஆக வையுங்கள். Apply to Unsupported Games என்பதையும் இயக்கலாம். அது பிஎஸ்5 கேம்களுக்கு மட்டும்தான், பிஎஸ்4 கேம்களைத் தொடாது. எக்ஸ்பாக்ஸில் TV & display options-இன் உள்ளே Video modes, அங்கே Allow variable refresh rate. கணினியில் முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்கை இயக்க வேண்டும். அதை மறந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் Set up G-SYNC என்ற, என்விடியா தன் விஆர்ஆருக்கு வைத்த பெயரிலுள்ள பக்கம் பெரும்பாலும் தோன்றவே தோன்றாது.

விஆர்ஆர் காணாமல் போனால் நடுவில் இருக்கும் ஏவி ரிசீவரையோ சவுண்ட்பாரையோ சந்தேகியுங்கள். அது விஆர்ஆரைக் கடத்தாவிட்டால் கன்சோலுக்கு டிவியின் திறன் தெரியவே தெரியாது. கன்சோலை நேராக டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் டிவியிலிருந்து எச்டிஎம்ஐ மூலம் திருப்பி அனுப்பும் இஆர்க் வழியாக வெளியே எடுத்தால் தீர்ந்தது.

உண்மையில் ஓடுகிறதா என்று அறிய டிவியின் கேம் பட்டியையோ மானிட்டரின் மெனுவையோ திறந்து ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். கேம் நடக்கும்போது அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 60 அல்லது 120-இல் அசையாமல் நின்றால், ஒன்று விஆர்ஆர் இயங்கவில்லை, அல்லது கேம் அந்த வேகத்தைத் தாராளமாக எட்டிக்கொண்டிருக்கிறது. கனமான காட்சிக்குப் போய் மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நாள்பட ஓட்டினால் தெரியவரும் ஒரு குறை, ஓஎல்இடி திரைகளிலும் விஏ வகை எல்சிடி பேனல்களிலும் இருண்ட காட்சியில் வரும் மினுமினுப்பு. பேனலின் பிரகாசம் ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சரிசெய்யப்பட்டிருக்கும். வேகம் சட்டென மாறினால் கரும்சாம்பல் நிறம் ஒரு கணம் வெளுத்து இருளும். லோடிங் திரையில் மட்டும் வந்தால் கவலை வேண்டாம், பேனல் பழுதில்லை. கேமிலேயே வந்தால், கணினியில் பிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். கேம் 70-க்கும் 110-க்கும் இடையே அலைந்தால் 70-இல் பூட்டிவிட்டால் மினுமினுப்பு வெகுவாக அடங்கும். கேம் 120-ஐ எட்டக்கூடியது என்றால் 116-இல் நிறுத்துங்கள். உச்சியைத் தொட்டுவிட்டால் விஆர்ஆர் விலகி, பிரேமைத் திரையின் தாளத்துக்குக் காத்திருக்க வைக்கும் வழக்கமான வி-சிங்க் வேலையை எடுத்துக்கொள்ளும், கட்டுப்பாட்டில் தாமதம் கூடும். கன்சோலில் இப்படி வரம்பு போட வழியில்லை. மினுமினுப்பு தாங்கமுடியாத கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணைத்துவிட்டு ஆடுவதுதான் வழி.